33-ம் 34-ம்: COUNTIF, SUMIF-ல் நட்சத்திரக் குறி

வரிச்சிக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் உறவுக்காரத் தம்பி ஒருவன், மாதா மாதம் பத்து தேதிக்கு மேல் தன் கொள்முதல் எக்செல் கோப்பை எனக்கு அனுப்புவான். "அண்ணே, ஆடிட்டருக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பாத்துடுங்க" என்பான். அந்தப் பார்வையில் முக்கால்வாசி வேலையைச் செய்வது ஒரே ஒரு குறிதான்: `*`. ஒரே எழுத்துகளில் தொடங்கும் கோடுகளையெல்லாம் ஒன்றாகக் கூட்டவும் எண்ணவும் உதவும் இந்தக் குறியைப் பற்றி, அந்தக் கோப்பை வைத்தே எழுதுகிறேன். கீழே உள்ள எண்கள் எல்லாம் நான் உதாரணத்துக்காகப் போட்டவை. யாருடைய உண்மையான ஜிஎஸ்டி எண்ணும் அல்ல.

முதலில் ஊர் நிலவரம். காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஆனால் சுற்றிலும் தமிழ்நாடு. வரிச்சிக்குடியிலிருந்து வடக்கே நண்டலாற்றைத் தாண்டிவிட்டால் தரங்கம்பாடிப் பக்கம், அதாவது வேறு மாநிலம். தலைநகரான புதுச்சேரியோ சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து இந்த எல்லைக்கோடு ஒவ்வொரு பில்லிலும் தெரிகிறது. பதிவு பெற்ற காரைக்கால் கடைக்கு, தரங்கம்பாடியிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ சரக்கு அனுப்பினால் அது மாநிலத்துக்கு வெளியே இருந்து வந்த சரக்கு, வரி ஐஜிஎஸ்டி. புதுச்சேரியிலிருந்து அனுப்பினால் உள்மாநிலம், சிஜிஎஸ்டி பாதி, எஸ்ஜிஎஸ்டி பாதி. கேரளக் கரையோரம் இருக்கும் மாஹேயிலிருந்து வந்தாலும் உள்மாநிலம்தான்! தூரத்துக்கும் வரிக்கும் சம்பந்தமே இல்லை.

சரக்கு எங்கிருந்து வந்தது என்பதைக் கோப்பில் கண்டுபிடிக்க முகவரியைப் படிக்க வேண்டியதில்லை. ஜிஎஸ்டி எண் 15 எழுத்து கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலக் கோடு: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அடுத்த பத்து எழுத்து அந்த வியாபாரியின் பான் எண். பதின்மூன்றாவது, அதே பானில் அதே மாநிலத்தில் எத்தனையாவது பதிவு என்பது. அடுத்தது வழக்கமாக Z. கடைசி, சரிபார்ப்பு எழுத்து. ஆக எண்ணின் தலையிலேயே மாநிலம் உட்கார்ந்திருக்கிறது. "33-ல் தொடங்குவது எல்லாம்" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.

கோப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு நெடுவரிசை: A ஜிஎஸ்டி எண், B பொருள், C எச்எஸ்என், D மதிப்பு, E ஐஜிஎஸ்டி, F சிஜிஎஸ்டி, G எஸ்ஜிஎஸ்டி. முதல் வரி தலைப்பு, 2 முதல் 7 வரை பில்கள்.

```
2  34ABCFR5678H1Z0  PVC-25 பைப்           39172390  20000     0  1800  1800
3  33ABCFR5678H1Z2  PVC-20 பைப்               3917  10000  1800     0     0
4  33AACCS4321Q1Z8  GI-தகடு                   7210  30000  5400     0     0
5  33ABCFR5678H1Z2  PVC-25*20 ரெடியூசர்     391740   5000     0   450   450
6  34BCDPM2468J1Z1  பெயின்ட்                  3209  15000     0  1350  1350
7  29AAGCT1357L1Z4  GIRDER கிளாம்ப்           7326   8000  1440     0     0
```

இனி கேள்வி கேட்கலாம்.

```
=SUMIF(A2:A7,"34*",D2:D7)
=SUMIF(A2:A7,"33*",D2:D7)
```

முதலாவது 35000, இரண்டாவது 45000. நட்சத்திரத்துக்கு அர்த்தம் "இந்த இடத்தில் எத்தனை எழுத்து வேண்டுமானாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்பது. `34*` என்றால் 34-ல் தொடங்கி எப்படி முடிந்தாலும் சரி. நட்சத்திரத்தை விட்டுவிட்டு `"34"` என்று மட்டும் எழுதினால் விடை பூஜ்யம், ஏனென்றால் COUNTIF-ம் SUMIF-ம் கட்டத்தில் இருப்பது முழுவதையும் பொருத்திப் பார்ப்பவை. மேற்கோள் குறியும் கட்டாயம்.

35000-ம் 45000-ம் சேர்ந்தால் 80000. D-யின் மொத்தமோ 88000. மீதி 8000 கர்நாடகாவின் 29. இந்த மாதிரி கூட்டல் கழித்தலை எப்போதும் செய்து பார்ப்பது நல்லது. துண்டு துண்டாக SUMIF போட்டால் அத்தனையும் சேர்ந்து மொத்தத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு கோடு எந்த வலையிலும் சிக்காமல் வெளியே நிற்கிறது.

தம்பிக்குப் பணம் போகிற இடம் இதற்கு அடுத்த கேள்வியில்தான். மேலே ஐந்தாவது வரியைப் பாருங்கள். எண் 33, ஆனால் ஐஜிஎஸ்டி போடாமல் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். அது தமிழ்நாட்டுக்குள் நடந்த விற்பனை மாதிரி போட்ட வரி. புதுச்சேரிப் பதிவில் இருக்கும் கடை அதை உள்ளீட்டு வரியாக எடுக்க முடியாது. ஜிஎஸ்டிஆர்-2பி-யில் அந்த பில் "கிடைக்காதது" பகுதியில் போய் உட்காரும். 900 ரூபாய் கைநஷ்டம். நிஜக் கோப்பில் முந்நூறு பில்லுக்கு நடுவில் இப்படி ஒன்று கிடந்தால் கண்ணில் படாது. அதனால்:

```
=COUNTIFS(A2:A7,"<>34*",F2:F7,">0")
=SUMIFS(F2:F7,A2:A7,"<>34*")
```

முதல் வரி "34-ல் தொடங்காத, ஆனால் சிஜிஎஸ்டி உள்ள பில் எத்தனை" என்று கேட்கிறது. விடை 1. இரண்டாவது, அதில் மாட்டியிருக்கும் சிஜிஎஸ்டி: 450. எஸ்ஜிஎஸ்டியும் அதே அளவு, ஆக 900. இரண்டும் ஒவ்வொரு மாதமும் பூஜ்யமாக இருக்க வேண்டும். நான் `33*` என்று எழுதாமல் `<>34*` என்று எழுதியதற்குக் காரணம், பெங்களூரு, கொச்சி வியாபாரிகளும் ஒரே வலையில் வரவேண்டும் என்பதுதான். தலைகீழாக, `"34*"` உடன் E நெடுவரிசை `">0"` என்றும் ஒருமுறை பார்க்கணும். பில் கொடுத்தவரிடம் மாதம் முடிவதற்குள் சொன்னால் திருத்திக் கொடுப்பது அவருக்கும் சுலபம்.

SUMIF-ல் கூட்டவேண்டிய வரம்பு கடைசியில் வரும், SUMIFS-ல் முதலில் வரும். இதை யார் இப்படி வைத்தார்களோ, இருபது வருஷமாக எழுதியும் எனக்கு ஒரு நொடி தயங்கித்தான் கை போகிறது.

இரண்டாம் வரியையும் ஐந்தாம் வரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தப்பு எப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்கலாம். இரண்டிலும் பான் ஒன்றே: ABCFR5678H. ஒரே வியாபாரிக்கு இரண்டு மாநிலத்திலும் கடை இருக்கிறது. எல்லை ஓரத்தில் இது சகஜம். தமிழ்நாட்டுக் கடையிலிருந்து சரக்கை ஏற்றிவிட்டு, காரைக்கால் கடைக்குப் போடுவது மாதிரியே வரியைப் போட்டுவிட்டார்கள். அந்த வியாபாரியிடம் மொத்தம் எவ்வளவு வாங்கினோம் என்று பார்க்க மாநிலக் கோடு வேண்டாம், பான் மட்டும் வேண்டும். இங்கேதான் கேள்விக்குறி வருகிறது. `?` என்றால் சரியாக ஒரு எழுத்து, கூடவும் கூடாது குறையவும் கூடாது.

```
=SUMIF(A2:A7,"??ABCFR5678H*",D2:D7)
```

முதல் இரண்டு எழுத்து எதுவாகவும் இருக்கட்டும், அடுத்த பத்தும் இந்தப் பானாக இருக்கட்டும், மீதி எப்படியோ போகட்டும். விடை 35000 (20000, 10000, 5000). `*ABCFR5678H*` என்று எழுதினாலும் இதே விடைதான் வரும், ஆனால் இடம் தெரிந்த இடத்தில் கேள்விக்குறி போடுவது என் வழக்கம். நட்சத்திரம் தாராள மனசுக்காரன், எதையும் உள்ளே விட்டுவிடும்.

இந்தக் கேள்விக்குறியை நீளம் பார்க்கவும் பயன்படுத்தலாம். பதினைந்து `?` போட்டால் சரியாக 15 எழுத்து உள்ள கட்டங்கள் மட்டும் சிக்கும். எண்ணிப் போடக் கஷ்டம், REPT போட்டுக்கொள்ளலாம்:

```
=COUNTA(A2:A7)-COUNTIF(A2:A7,REPT("?",15))
```

பூஜ்யம் வரவேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கிறது. அதிகம் பார்த்தது, முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் இடைவெளி. அப்படி ஒரு 34 எண் இருந்தால், கண்ணுக்கு 34 மாதிரியே தெரியும், `34*` வலையில் சிக்காது, `<>34*` வலையில் சிக்கி வீணாகப் பயமுறுத்தும். TRIM போட்டால் சாதாரண இடைவெளி போய்விடும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்ததில் வரும் 160-ஆம் எண் இடைவெளியை TRIM தொடாது, அதை `SUBSTITUTE(A2,CHAR(160),"")` என்று தனியாகத் துடைக்க வேண்டும். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தைத் தட்டியிருந்தால் நீளம் சரியாகவே இருக்கும், இந்தச் சோதனையில் தெரியாது.

மாநிலக் கோடை ஒரு கட்டத்தில் எழுதி வைத்து, அதைப் பார்த்துக் கூட்டச் சொல்லவும் செய்யலாம்: `=SUMIF(A2:A7,H1&"*",D2:D7)`. H1-ல் 33 என்று தட்டினால் தமிழ்நாடு. ஒரே ஒரு ஆபத்து, H1 காலியாக இருந்தால் மிஞ்சுவது வெறும் `*`. அது எல்லா எழுத்துக் கட்டத்தையும் அள்ளிக்கொண்டு 88000 என்று சொல்லும். பிழைச் செய்தி எதுவும் வராது.

இனி பொருள் நெடுவரிசை. தம்பியிடம் ஜிஐ தகடு எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டால் `"GI*"` என்று போடத் தோன்றும். விடை 38000. ஆனால் தகடு 30000-க்குத்தான். மீதி 8000, GIRDER என்று தொடங்கும் கிளாம்ப். தொடக்க எழுத்து ஒன்றாக இருந்தால் போதும், அர்த்தம் ஒன்றாக இருக்க வேண்டும் என்று நட்சத்திரத்துக்குத் தெரியாது. சின்ன எழுத்து பெரிய எழுத்து வித்தியாசமும் பார்க்காது, `gi*` என்றாலும் அதே விடை. கோடில் ஒரு கோடு, அதாவது `-`, இருப்பது இங்கே காப்பாற்றுகிறது: `"GI-*"` என்றால் சரியாக 30000. புதிதாகக் கோடு போடுகிறவர்கள் முன்னெழுத்துக்கும் மற்றதுக்கும் நடுவில் ஒரு பிரிப்பான் வைப்பது இதற்காகத்தான்.

அடுத்தது ஹார்டுவேர் கடைக்கே உரிய தலைவலி. குழாய் இணைப்பு அளவை எல்லாரும் 25*20 என்றுதான் எழுதுவார்கள். பொருளின் பெயரிலேயே நட்சத்திரம்! 25 எம்எம் பைப் மட்டும் எவ்வளவு என்று கேட்க `"PVC-25*"` போட்டால் பைப்பும் ரெடியூசரும் சேர்ந்து 25000 வருகிறது. பைப் மட்டும் வேண்டுமென்றால் 25-க்குப் பின்னால் ஒரு இடைவெளி விட்டு `"PVC-25 *"`, அது 20000. ரெடியூசர் மட்டும் வேண்டுமென்றால், "இந்த நட்சத்திரம் நிஜ நட்சத்திரம்" என்று எக்செலிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அலைக்குறி `~` போட வேண்டும்.

```
=SUMIF(B2:B7,"PVC-25~**",D2:D7)
```

`~*` என்பது எழுத்தாகவே உள்ள நட்சத்திரம், அதற்குப் பின்னால் இருப்பது வழக்கமான நட்சத்திரம். விடை 5000. கேள்விக்குறிக்கும் `~?`, அலைக்குறிக்கே `~~`.

இதில் இன்னொரு மறைவான குழி உண்டு. ஒரே பொருள் இரண்டு தடவை பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க எல்லாரும் `=COUNTIF(B:B,B5)` என்று எழுதி இழுத்துவிடுவார்கள். நாம் எங்கேயும் நட்சத்திரம் தட்டவில்லை, ஆனால் B5-ல் இருக்கும் `25*20` உள்ளே போனதும் நட்சத்திரம் வேலையை ஆரம்பித்துவிடும். நாளைக்கு "PVC-25*15*20 ரெடியூசர்" என்று வேறொரு பொருள் வந்தால் அதையும் இதோடு சேர்த்து 2 என்று காட்டும். `COUNTIF(B:B,SUBSTITUTE(B5,"*","~*"))` என்று எழுதினால் தொல்லை இல்லை. அளவை 25x20 என்று எழுதும் பழக்கத்துக்கு மாறினால் இன்னும் நல்லது என்று சொல்லிப் பார்த்தேன், கடையில் பில் போடும் அண்ணன் கேட்பதாக இல்லை.

கடைசியாக எச்எஸ்என் கோடு. அதிகம் பேர் விழுகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 3917 என்றால் பிளாஸ்டிக் குழாயும் அதன் இணைப்புகளும். 391740 என்றால் அதற்குள் இணைப்புகள் மட்டும். ஒரு வியாபாரி நாலு இலக்கம் போடுவார், இன்னொருவர் ஆறு, இன்னொருவர் எட்டு. "3917-ல் தொடங்குவது எல்லாம்" என்பது நட்சத்திரத்துக்கென்றே பிறந்த கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால்,

```
=SUMIF(C2:C7,"3917*",D2:D7)
```

விடை 0. காரணம், C-யில் இருப்பவை எழுத்துகள் அல்ல, எண்கள். முப்பத்தொன்பது மில்லியன் சொச்சம் என்ற ஒரு அளவாகத்தான் எக்செல் 39172390-ஐ வைத்திருக்கிறது. அளவுக்கு "தொடக்க எழுத்து" கிடையாது. `*`, `?` இரண்டும் எழுத்துக் கட்டங்களை மட்டுமே பார்க்கும். A நெடுவரிசை தப்பித்ததற்குக் காரணம், ஜிஎஸ்டி எண்ணில் ஆங்கில எழுத்து கலந்திருப்பதால் அது தானாகவே எழுத்தாகி விடுகிறது. இதில் குழப்பத்தைக் கூட்டுவது, நட்சத்திரம் இல்லாமல் `"3917"` என்று போட்டால் 10000 என்று ஒரு விடை வரும். மூன்றாம் வரியை மட்டும் பிடித்திருக்கிறது. "சரியா வருதே" என்று நம்பிவிடத் தோன்றும்.

எண்ணா எழுத்தா என்று அறிய `=COUNT(C2:C7)` போடுங்கள். COUNT எண்களை மட்டும் எண்ணும். இங்கே 6, அத்தனையும் எண். பாதி எண், பாதி எழுத்தாக இருந்தால்தான் இன்னும் மோசம். அப்போது பூஜ்யம் வராது, குறைவான ஒரு தொகை வரும், யாருக்கும் சந்தேகம் வராது.

கட்டங்களைத் தேர்ந்தெடுத்து வடிவத்தை Text என்று மாற்றினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது. ஏற்கெனவே தட்டிய எண் எண்ணாகவே இருக்கும், இனிமேல் தட்டுவதுதான் எழுத்தாகும். Data பட்டியலில் Text to Columns போய், மூன்றாவது படியில் Text என்று தேர்ந்தெடுத்து முடித்தால் இருப்பவையும் மாறும். கோப்பைத் தொடவே கூடாது என்றால் SUMIF-ஐ விட்டுவிட்டு இப்படி எழுதலாம்:

```
=SUMPRODUCT((LEFT(C2:C7,4)="3917")*D2:D7)
```

LEFT எதைக் கொடுத்தாலும் எழுத்தாக்கித்தான் திருப்பும். அதனால் நாலு, ஆறு, எட்டு இலக்கம் கலந்திருந்தாலும் 35000 என்று சரியாக வரும். மளிகைக் கடைக்காரர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை: பருப்பு வகை 0713, அதை எண்ணாகத் தட்டினால் முன்னால் உள்ள பூஜ்யம் விழுந்து 713 ஆகிவிடும், அப்புறம் LEFT-ம் உதவாது. அந்த நெடுவரிசையை முதலிலேயே Text ஆக்கிவிட்டுத் தட்ட வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு கூத்தும் உண்டு. பதினாறு இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எழுத்தாகவே வைத்திருந்தாலும், `COUNTIF(K:K,K2)` அதை எண்ணாக நினைத்துப் பொருத்தும். எக்செல் எண்களில் 15 இலக்கம்தான் நிற்கும் என்பதால், கடைசி இலக்கம் மட்டும் வேறான இரண்டு கணக்கையும் ஒன்று என்று சொல்லிவிடும். `K2&"*"` என்று ஒரு நட்சத்திரத்தை ஒட்டினால் எழுத்தாகப் பொருத்தும்.

தம்பி லிப்ரே ஆபிஸுக்கு மாறலாமா என்று கேட்டான். மாறலாம். xlsx கோப்பாகத் திறந்தால் இவை அப்படியே வேலை செய்யும். புதிதாகத் தொடங்கும் கோப்பில் விடை ஏறுமாறாக வந்தால் Tools, Options, LibreOffice Calc, Calculate பக்கத்தில் "Enable wildcards in formulas" தேர்வாகி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்கே regular expressions தேர்வாகி இருந்தால் `33*` என்பதற்கு "ஒரு 3, அதற்குப் பின் எத்தனை 3 வேண்டுமானாலும்" என்று அர்த்தம் மாறிவிடும்.

இதெல்லாம் ஆங்கிலக் கோடுகள். என் சொந்த வேலைக்கு, ஊர்ப்பெயர்ப் பட்டியலில் `=COUNTIF(A:A,"*குடி")` என்று போட்டு வரிச்சிக்குடி, மன்னார்குடி, காரைக்குடி எல்லாவற்றையும் எண்ணுகிறேன். பின்னால் நட்சத்திரம் இல்லாததால் குடியாத்தம் வராது. நட்சத்திரம் தமிழில் நன்றாகவே ஓடுகிறது, கேள்விக்குறியில்தான் கவனம் வேண்டும். `=LEN("வரிச்சிக்குடி")` போட்டுப் பாருங்கள், 13 என்று வரும். நம் கணக்கில் ஏழு எழுத்து. வ, ரி, ச், சி, க், கு, டி. கணினிக்குப் புள்ளி தனி, இகரக் கொம்பு தனி, உகரம் தனி. ஆகவே தமிழில் `?` என்றால் ஒரு எழுத்து அல்ல, யூனிகோடின் ஒரு துண்டு. "கு" என்ற இடத்துக்கு `??` வேண்டும். எத்தனை போடுவது என்று சந்தேகம் வந்தால் முதலில் LEN. அதே காரணத்தால் `"க*"` என்று கேட்டால் கருக்கன்குடி மட்டுமல்ல, காரைக்காலும் கும்பகோணமும் கோட்டுச்சேரியும் சேர்ந்தே வரும்.

கோட்டுச்சேரி ஏன் வருகிறது என்று திரையைப் பார்த்தால் புரியாது. அச்சில் கொம்பு க-வுக்கு முன்னால் நிற்கிறது. ஆனால் கோப்பில் முதலில் இருப்பது க, அதற்குப் பின்தான் ஓகாரக் குறி.